அழைப்பிதழின் ஓரத்தை யார் வெட்டுகிறார்கள்?

2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வேலை செய்தது. ஒருவருடைய பக்கத்துக்குப் போனால் அவர் போட்ட படங்களெல்லாம் வரிசைக்கு மூன்றாகச் சதுரக் கட்டங்களில் தெரியும் அல்லவா? அந்தக் கட்டங்களை நீளவாக்கில் இழுத்துச் செவ்வகமாக்கிவிட்டது. அதுவரை சதுரத்தையே நம்பி வாசகங்களையும் சின்னங்களையும் ஓரம் வரை அடுக்கியிருந்த கடைக்காரர்கள், ஜவுளி வியாபாரிகள், சமையல் பக்கங்கள், பதிப்பகங்கள் எல்லோருடைய முகப்பிலும் ஒரே நாளில் சொற்கள் இரு பக்கமும் அறுபட்டு நின்றன. இன்று மக்கள் ஏற்றுகிற படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கின்றன என்பது அந்த நிறுவனத்தின் தலைவர் ஆடம் மொசேரி சொன்ன காரணம். காரணம் நியாயமானதுதான். ஆனால் அறுபட்டது பழைய படங்கள். அவற்றைத் திரும்ப ஏற்ற யாருக்கு நேரம் இருக்கிறது?

எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1080 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் உள்ள ஒரு சதுரப் படம். புதிய கட்டத்தின் விகிதம் மூன்றுக்கு நான்கு. அதாவது அகலம் மூன்று பங்கு என்றால் உயரம் நான்கு பங்கு. 1080 உயரத்துக்கு மூன்றுக்கு நான்கு என்றால் அகலம் 810தான் வரும். மீதி 270 பிக்சலை இடப்பக்கம் 135, வலப்பக்கம் 135 என்று செயலி வெட்டிவிடுகிறது. படத்தின் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போகிறது. அந்தப் படத்தைத் தொட்டுத் திறந்தால் முழுதாகத்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் முகப்பில் அறுந்து கிடக்கும் சொல்லைப் பார்த்துவிட்டுத் தொட்டுத் திறக்கிறவர்கள் குறைவு.

இந்தக் கதையில் முக்கியமானது விகிதம்தான், பிக்சல் எண்ணிக்கை அல்ல. டிசைனரிடம் போய் ‘என்ன சைஸ்?’ என்று கேட்கும்போது நாம் எண்களைத்தான் மனப்பாடம் செய்கிறோம். 1080 × 1350, 1080 × 1920, 1280 × 720 என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை எந்த இணையப் பக்கமும் கொடுக்கும். ஆறு மாதத்தில் பழசாகியும் விடும். ஒரு படத்தை 2160 × 2700 என்று இரு மடங்கு பெரிதாகக் கொடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. செயலி அதைச் சுருக்கிக்கொள்ளும். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு அந்தச் செயலியின் சட்டத்தோடு பொருந்தாவிட்டால்தான் கத்தி வருகிறது. பெரும்பாலும் அந்தக் கத்தி நடுவை விட்டுவிட்டு ஓரங்களைச் சமமாகச் சீவுகிறது.

நம் ஊரில் இந்த வெட்டு அதிகம் விழுவது அழைப்பிதழ்களில். ஒரு சிறிய ஊரில் நடக்கிற நூல் வெளியீட்டு விழாவை எடுத்துக்கொள்வோம். அச்சகத்தில் A4 அளவில் அழகான அழைப்பிதழ் தயாராகிறது. உச்சியில் அமைப்பின் பெயர். அதன் கீழே நூலின் பெயர், அட்டைப்படம், ஆசிரியர் பெயர். பிறகு தலைமை, வரவேற்புரை, வெளியிடுபவர், முதல் பிரதி பெறுபவர், வாழ்த்துரை எட்டுப் பேர், நன்றியுரை. அடியில் நாள், நேரம், இடம், ‘அனைவரும் வருக’, ஒரு தொலைபேசி எண். அச்சுக்குப் போன அதே ஃபைலைப் படமாக மாற்றி இன்ஸ்டாகிராமில் ஏற்றச் சொல்கிறார் அமைப்பாளர்.

A4 தாளின் உயரம் அகலத்தைப்போல 1.414 மடங்கு. அகலத்தை 1080 பிக்சலாக வைத்தால் உயரம் 1527 வரும். இன்ஸ்டாகிராம் ஃபீடில் பல ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்டிருந்த மிக உயரமான வடிவம் நான்குக்கு ஐந்து, அதாவது 1080 × 1350. அந்தச் சட்டத்துக்குள் வைத்தால் 177 பிக்சல் மிஞ்சுகிறது. மேலே 88, கீழே 88 வெட்டு. தாளில் அளந்தால் மேலே 17 மில்லிமீட்டர், கீழே 17 மில்லிமீட்டர். அமைப்பின் பெயரில் பாதியும் தொலைபேசி எண்ணும் போவதற்கு இது தாராளம். 2025 மே மாதத்தில் மூன்றுக்கு நான்கு படங்களையும் ஃபீடில் போடலாம் என்று இன்ஸ்டாகிராம் கதவைத் திறந்தது. அதில் 1080 × 1440. அப்போதும் மேலும் கீழும் 43 பிக்சல் போகும், தாளில் எட்டரை மில்லிமீட்டர். சதுரமாக வெட்டினாலோ மேலே நாலே கால் சென்டிமீட்டர், கீழே நாலே கால் சென்டிமீட்டர். விழா எந்த ஊரில், எந்த நாளில் என்பதே தெரியாமல் போகும்.

வெட்டு ஒரு பக்கம் இருக்க, அந்த அழைப்பிதழில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. வாழ்த்துரை வழங்குபவர்களின் பெயர் தாளில் 12 பாயின்ட் எழுத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 21 சென்டிமீட்டர் அகலத் தாள், 7 சென்டிமீட்டருக்கும் குறைவான கைபேசித் திரையில் வந்து உட்காரும்போது அந்த எழுத்து 4 பாயின்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. மருந்துச் சீட்டில்கூட அதைவிடப் பெரிய எழுத்து இருக்கும். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்திரிகையின் எழுத்து சுமார் 11 பாயின்ட் என்று கொண்டால், அதே அளவில் கைபேசியில் தெரிய 1080 பிக்சல் அகலப் படத்தில் எழுத்து 62 பிக்சலாவது இருக்க வேண்டும். 62 பிக்சல் தமிழ் எழுத்தில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள்தான் பிடிக்கும். ஒரு படத்துக்குப் பத்து வரி. அதற்குள் எட்டு வாழ்த்துரையாளர்களை அடைக்க முடியாது. அடைக்க முயல்கிறபோதுதான் டிசைனர் ஓரத்துக்குத் தள்ளுகிறார். ஓரத்துக்குத் தள்ளியது வெட்டில் போகிறது. ஆக வெட்டுப் பிரச்சினை பாதி, அடைப்புப் பிரச்சினை பாதி.

இனி நீளத் திரைக்கு வருவோம். ஸ்டோரி, ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாம் ஒன்பதுக்குப் பதினாறு என்ற விகிதத்தில் நிற்பவை. 1080 அகலம், 1920 உயரம். இங்கே பெரும்பாலும் படம் வெட்டுப்படுவதில்லை, மூடப்படுகிறது. நாம் கொடுத்த படத்தின் மேல் செயலி தன் சாமான்களைப் பரப்பி வைக்கிறது. ஸ்டோரியில் உச்சியில் நகரும் கோடுகள், போட்டவரின் முகமும் பெயரும். அடியில் பதில் எழுதும் பெட்டி. ரீல்ஸில் கூட்டம் இன்னும் அதிகம். இடப்பக்கம் அடியில் கணக்கின் பெயர், விளக்க வாசகம், பின்னணி இசையின் பெயர். வலப்பக்கம் இதயம், கருத்து, பகிர்வு என்று மேலிருந்து கீழாக ஒரு பட்டன் வரிசை. இவற்றின் கீழே போன எழுத்து அழியாமல் இருக்கிறது, ஆனால் படிக்க முடியாது. வெள்ளை எழுத்தின் மேல் வெள்ளை எழுத்து விழுந்தால் இரண்டும் வீண்.

எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா, விளம்பரம் செய்பவர்களுக்கான குறிப்பில் சொல்லியிருக்கிறது. ஸ்டோரிக்கு மேலே 14 சதவீதம், கீழே 20 சதவீதம்; பிக்சலில் மேலே சுமார் 250, கீழே சுமார் 340. ரீல்ஸுக்கு மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் தலா 6 சதவீதம். விளம்பரத்துக்குச் சொன்னது என்பதால் இது கொஞ்சம் தாராளமான கணக்கு. விளம்பரங்களில் அடியில் ஒரு பட்டன் கூடுதலாக வரும். சாதாரண ரீலில் அடியில் இவ்வளவு மூடாது என்று சிலர் வாதாடுவார்கள். விளக்க வாசகம் இரண்டு வரி நீண்டாலே மூடிவிடும் என்பது என் பதில். அந்த எண்களையே வைத்துக்கொள்வது நல்லது.

பெருக்கிப் பார்த்தால், 1920 உயரத்தில் மேலே 269 பிக்சல் போகிறது, கீழே 672 பிக்சல் போகிறது. மிஞ்சும் உயரம் 979. அகலத்தில் பக்கத்துக்கு 65 போக மிஞ்சுவது 950. ஏறக்குறைய ஒரு சதுரம்! இவ்வளவு உயரமான திரையைக் கையில் கொடுத்துவிட்டு, எழுத்துக்கு அவர்கள் விட்டுவைப்பது பழைய சதுரம்தான். அதுவும் நடுவில் இல்லை; நடுக்கோட்டுக்குச் சற்று மேலே தூக்கி வைக்கப்பட்ட சதுரம். மேலிருந்து 269வது பிக்சலில் தொடங்கி 1248வது பிக்சலில் முடிகிறது. படத்தின் நடுப்புள்ளி 960. எழுத்தை ‘நடுவில் வை’ என்று டிசைனரிடம் சொன்னால் அவர் 960ஐ மையமாக வைத்து அடுக்குவார். அடி வரிகள் 1248ஐத் தாண்டி விளக்க வாசகத்துக்குள் இறங்கிவிடும். மையம் 760க்கு அருகில் இருக்க வேண்டும். இது ஒன்று தெரிந்தால் பாதி ரீல்கள் பிழைத்துவிடும்.

பக்கவாட்டில் இடம் விடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய கைபேசிகள் ஒன்பதுக்குப் பதினாறு அல்ல. ஒன்பதுக்கு இருபது அளவுக்கு ஒல்லியாக நீண்டுவிட்டன. 1080 × 2400 திரையில் 1080 × 1920 படத்தைப் போட்டால் 480 பிக்சல் உயரம் காலியாகிறது. செயலிக்கு இரண்டே வழி. காலியிடத்தைக் கறுப்பாக விட்டு அங்கே தன் பெட்டிகளை வைக்கலாம். அல்லது படத்தை உயரத்துக்கு ஏற்றபடி பெரிதாக்கி இரு பக்கமும் வெளியே தள்ளலாம். முழுதாகப் பெரிதாக்கினால் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பக்கத்துக்குப் பத்து சதவீதம், திரைக்கு வெளியே போய்விடும். எந்தக் கைபேசியில் எந்தச் செயலி எந்த வழியை எடுக்கும் என்று நாம் போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பக்க ஓரத்தில் எழுத்தை ஒட்ட வைக்காமல் இருக்க முடியும்.

திரையின் ஓரத்தை நம்பக்கூடாது என்பது கைபேசிக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒவ்வொன்றும் படத்தின் ஓரத்தைத் தன் இஷ்டப்படி சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கும். அதனால் தொலைக்காட்சிப் பொறியாளர்கள் படத்துக்குள் இரண்டு கற்பனைக் கட்டங்களைப் போட்டார்கள். முக்கியமான அசைவெல்லாம் 90 சதவீதக் கட்டத்துக்குள். எழுத்தெல்லாம் 80 சதவீதக் கட்டத்துக்குள். அந்தக் கட்டம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்தது என்பதுதான் வேறுபாடு. இன்று ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறது. அதையும் அடிக்கடி மாற்றுகிறது.

நூல் வெளியீட்டுக்குத் திரும்புவோம். மூன்று வடிவங்களில் ஏற்ற வேண்டும்: ஃபீட் படம், ஸ்டோரி, பதினைந்து விநாடி ரீல். மூன்றையும் தனித்தனியாக வடிவமைக்கப் பணமும் நேரமும் இல்லை. இங்கேதான் அந்த 950 பிக்சல் சதுரம் கைகொடுக்கிறது. எழுத்து முழுவதையும் 950 × 950 அளவுள்ள ஒரே தொகுதியாகக் கட்டிவிட வேண்டும். பிறகு அந்தத் தொகுதியைப் பிரிக்காமல் ஒவ்வொரு சட்டத்திலும் தூக்கி வைத்தால் போதும்.

தொகுதிக்குள் என்ன போகும்? நூலின் பெயர் 120 பிக்சல் எழுத்தில் இரண்டு வரி. தமிழுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும் என்பதால் இதற்கு 340 பிக்சல் உயரம். ஆசிரியர் பெயர் 70 பிக்சல் எழுத்தில் ஒரு வரி, உயரம் 105. நாளும் நேரமும் 90 பிக்சல் எழுத்தில் ஒரு வரி, உயரம் 130. இடம் 70 பிக்சல் எழுத்தில் இரண்டு வரி, உயரம் 210. கூட்டினால் 785. மிச்சம் 165 பிக்சலை இடைவெளிகளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் கொள்ளும். தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் அடுத்த படத்துக்குப் போக வேண்டியதுதான். வாழ்த்துரையாளர் கோபித்துக்கொள்வார் என்று அமைப்பாளர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் 4 பாயின்ட் எழுத்தில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பவரும் சந்தோஷமாக இருக்கப்போவதில்லை.

ரீலில் இந்தத் தொகுதியின் மேல் விளிம்பை 283வது பிக்சலில் வைத்தால் அது 1233இல் முடியும். மேலும் கீழும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஸ்டோரிக்கு 250இலிருந்து 1580 வரை இடம் இருப்பதால் அதே நிலையில் விட்டுவிடலாம். ரீலுக்கு ஆனது ஸ்டோரிக்கும் ஆகும். நேர்மாறாகச் செய்தால் சரிவராது. அடியில் காலியாகக் கிடக்கும் 672 பிக்சலை வெறுமையாக விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நூலின் அட்டைப்படத்தை அங்கே வைக்கலாம். அட்டையின் அடிப்பகுதி விளக்க வாசகத்துக்குப் பின்னால் மங்கினாலும் எதுவும் நஷ்டமில்லை. எழுத்துக்குத்தான் கட்டுப்பாடு; பின்னணி நிறமும் படமும் விளிம்பு வரை பரவலாம், பரவவும் வேண்டும்.

ரீலுக்கு முகப்புப் படம் ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அது முழு நீளத்தில் ஏற்றப்பட்டாலும் நம் பக்கத்தின் கட்டத்தில் மூன்றுக்கு நான்காகத்தான் தெரியும். மேலே 240, கீழே 240 வெட்டு. நம் தொகுதி 283இல் தொடங்குவதால் தப்பிவிடுகிறது. ஃபீட் படத்துக்கு 1080 × 1350 எடுத்துக்கொண்டால், தொகுதியை நட்டநடுவில், மேலிருந்து 200வது பிக்சலில் வைக்கலாம். கட்டத்தில் அந்தப் படம் பக்கத்துக்கு 34 பிக்சல் இழக்கும். நாம் விட்டிருப்பது 65. பிழைத்தது. 1080 × 1440 எடுத்தால் கட்டத்தில் வெட்டே இல்லை. சதுரத்தை இன்ஸ்டாகிராமுக்கு இனி எடுக்காமல் இருப்பதே மேல் என்பது என் முடிவு. பக்கத்துக்கு 135 இழக்கும் வடிவத்தில் எழுத்து வைப்பதில் அர்த்தமில்லை.

ஃபீடில் பல படங்களை அடுக்கிப் போடும்போது முதல் படத்தின் விகிதத்துக்கே மற்றவையும் வெட்டப்படும். முதல் படம் 1080 × 1350 என்றால் இரண்டாவதாக வரும் நிகழ்ச்சி நிரலும் அதே அளவில் இருக்கட்டும். மேல் வலது மூலையில் ‘1/3’ என்று ஒரு சிறிய கறுப்புப் பொட்டு வந்து உட்காரும். அங்கே அமைப்பின் சின்னத்தை வைக்கிறவர்கள் ஏராளம்.

யூடியூபைக் கொஞ்சம் தொட்டுவிட்டுப் போகலாம். வீடியோவின் தம்ப்நெயில் 1280 × 720. அதன் வலது அடி மூலையில் வீடியோ எத்தனை நிமிடம் என்ற எண் வந்து விழும், ஏற்கெனவே பாதி பார்த்தவருக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடும் சேரும். வலது அடி மூலையில் முக்கியமான சொல்லை வைக்காதீர்கள், அவ்வளவுதான். சேனலின் பேனர்தான் வேடிக்கையானது. 2560 × 1440 என்ற பெரிய படத்தை ஏற்றச் சொல்வார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு மட்டும் அது முழுதாகத் தெரியும். கணினியில் நடுவில் ஒரு பட்டைதான் தெரியும். எல்லாச் சாதனங்களிலும் தப்பிப் பிழைப்பது நட்டநடுவில் உள்ள 1546 × 423 அளவுப் பகுதி. மொத்தப் படத்தில் அது 18 சதவீதம்கூட இல்லை. சேனல் பெயர், சின்னம் எல்லாம் அந்தச் சிறு பட்டைக்குள் அடங்க வேண்டும். மீதி 82 சதவீதம் அலங்காரம். ஃபேஸ்புக் பக்கத்தின் அட்டைப்படமும் இதே ரகம். கணினியில் 851 × 315 என்று அகலமாகவும், கைபேசியில் 640 × 360 என்று சற்று உயரமாகவும் காட்டுகிறது. கணினியில் மேலும் கீழும் போகும், கைபேசியில் பக்கங்கள் போகும்.

வாட்ஸ்அப் முகப்புப் படம் போன்ற வட்டங்களில் நான்கு மூலைகளும் போய்விடும். 1080 சதுரத்துக்குள் வரையும் வட்டத்தில் எழுத்து பத்திரமாக நிற்கக்கூடிய பெரிய சதுரம் 763 பிக்சல்தான்.

எந்திரமே நடுவைத் தேர்ந்தெடுக்காமல் ‘முக்கியமான’ பகுதியைக் கண்டுபிடித்து வெட்டினால் என்ன என்ற யோசனையும் நடந்து பார்த்ததுதான். ட்விட்டர் அப்படியொரு நிரலை வைத்திருந்தது. 2020இல் பயனர்கள் சோதித்துப் பார்த்து, இரண்டு முகங்கள் இருந்தால் அது வெள்ளை முகத்தையே தேர்ந்தெடுக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார்கள். நிறுவனம் தானே ஆராய்ந்துவிட்டு, 2021இல் கைபேசியில் தனிப் படங்களை அந்த நிரலைக் கொண்டு வெட்டுவதை நிறுத்தியது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதைப் படத்தைப் போடுகிறவர் தீர்மானிப்பதே பரவாயில்லை என்று அவர்கள் வந்து சேர்ந்த முடிவு.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. ஆங்கில எழுத்தின் உச்சி கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் கண் ஊகித்துவிடும். நமக்குப் புள்ளி மேலே இருக்கிறது, உகரச் சுழி கீழே இருக்கிறது. முதல் வரியின் உச்சியில் சில பிக்சல் மூடினால் ‘மண்’ என்பது ‘மண’ ஆகிவிடும். அடி வரியின் வால் மறைந்தால் ‘ஆறு மணி’ என்பது ‘ஆற மணி’. படிப்பவர் இதை வெட்டு என்று நினைக்க மாட்டார். போட்டவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைப்பார். அதனால் கட்டத்துக்குள் அடங்கிவிட்டதா என்று பார்க்கும்போது எழுத்தின் உடலை மட்டும் அளக்காமல், புள்ளியின் உச்சியையும் ‘று’, ‘ழு’, ‘கூ’ ஆகியவற்றின் வால் நுனியையும் சேர்த்து அளக்க வேண்டும். டிசைனர்கள் பயன்படுத்தும் பல அலங்கார ஃபான்ட்களில் இந்த வால்கள் மிக நீளம்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஃபோட்டோஷாப்போ கேன்வாவோ பிக்செல்லேப்போ, எதில் வேலை செய்தாலும் 1080 × 1920 அளவில் ஒரு வெற்றுப் படம் எடுத்து, மேலே 269 பிக்சல் உயரத்துக்கும் கீழே 672 பிக்சல் உயரத்துக்கும் இரு பக்கமும் 65 பிக்சல் அகலத்துக்கும் சிவப்புப் பட்டை அடித்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியை ஒளிபுகும்படி காலியாக விட்டு பி.என்.ஜி.யாகச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை வடிவமைப்பின் மேல் அடுக்காக அதை வைத்தால், சிவப்பின் கீழே எந்த எழுத்தாவது போகிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். ஏற்றுமுன் அந்த அடுக்கை நீக்க மறக்கக்கூடாது. சிவப்புப் பட்டையோடு வெளியான அழைப்பிதழ்களும் உண்டு.

அதன் பிறகும் ஒரு சோதனை பாக்கி. ‘நெருங்கிய நண்பர்கள்’ பட்டியலில் ஒரே ஒரு நண்பரை மட்டும் வைத்து ஸ்டோரியை அவருக்குப் போட்டு, அவர் கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். உங்களுடைய ஸ்டோரியை நீங்கள் பார்க்கும்போது அடியில் வரும் பொருள்கள் வேறு, மற்றவர் பார்க்கும்போது வரும் பொருள்கள் வேறு. பதில் எழுதும் பெட்டி உங்களுக்குத் தெரியவே தெரியாது. ரீலுக்கென்றால் வேறு யாருடைய ரீலையாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் வடிவமைப்பின் மேல் அரைகுறை ஒளியில் படியவைத்துப் பாருங்கள். இதயமும் விளக்க வாசகமும் எங்கே விழுகின்றன என்று அப்போதே புலப்படும். செயலி தன் அமைப்பை மாற்றிவிட்டதா என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி. பழைய ஸ்கிரீன்ஷாட்டையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

அழைப்பிதழ் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசைனரிடம் அச்சு வேலையைச் சொல்லும்போதே, இது இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போகப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். தாளை முடித்த பிறகு ‘அதையே கொஞ்சம் செட் பண்ணிக் கொடுங்க’ என்று கேட்டால் அவர் செய்யக்கூடியது சுருக்குவதோ வெட்டுவதோதான். தொலைபேசி எண்ணையும் மண்டபத்தின் வரைபட இணைப்பையும் படத்துக்குள் வைத்தாலும், கீழே விளக்க வாசகத்திலும் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். அங்கே இருக்கும் எண்ணைப் படிப்பவர் பார்த்து அழைக்கலாம். படம் எங்கே எப்படி வெட்டுப்பட்டாலும் அது அப்படியே நிற்கும்.